முடக்கிய பணம் நாடு திரும்பும் வழி

1998 ஜூன் 8 அன்று நைஜீரியாவின் ராணுவ ஆட்சியாளர் ஜெனரல் சானி அபாச்சா திடீரென இறந்தார். 1993 நவம்பரில் ஆட்சியைப் பிடித்தவர் அவர். நாலரை ஆண்டுகளில் அவரும் அவரைச் சுற்றியிருந்தவர்களும் அரசுக் கருவூலத்திலிருந்து எடுத்தது 300 கோடி முதல் 500 கோடி டாலர் வரை இருக்கும் என்று பலரும் மதிப்பிட்டிருக்கிறார்கள். அந்தப் பணம் சுவிட்சர்லாந்து, லக்சம்பர்க், லீக்டன்ஸ்டைன், பிரிட்டன், ஜெர்சி தீவு என்று பல இடங்களில் இருந்தது. அவர் இறந்து இருபது ஆண்டுகளுக்கு மேலான பிறகும் அது தவணை தவணையாகத் திரும்பிக்கொண்டிருந்தது.

எல்லை கடந்த குற்றங்களைப் புதிதாகப் படிக்கும் மாணவருக்குச் சொத்து மீட்பை விளக்க இதைவிடப் பொருத்தமான வழக்கு எனக்குத் தெரியவில்லை. குற்றம் செய்தவர் இறந்துவிட்டார். பணம் ஐந்தாறு நாடுகளின் சட்டங்களுக்குள் சிதறிக் கிடந்தது. மீட்கும் முயற்சி ஊழலுக்கு எதிரான ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கை பிறப்பதற்கு முன்பே தொடங்கி, அது நடைமுறைக்கு வந்த பிறகும் தொடர்ந்தது. அதனால் உடன்படிக்கையின் ஒவ்வொரு பிரிவும் எந்தச் சிக்கலைத் தீர்க்க எழுதப்பட்டது என்பதை இந்த வழக்கிலேயே பார்த்துவிடலாம்.

உடன்படிக்கையில் எங்கே பார்ப்பது

ஊழலுக்கு எதிரான ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையைப் பொதுச்சபை 2003 அக்டோபர் 31 அன்று ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டு டிசம்பரில் மெக்சிகோவின் மெரிடா நகரில் நாடுகள் கையெழுத்திடத் தொடங்கின. 2005 டிசம்பர் 14 அன்று அது நடைமுறைக்கு வந்தது. அதன் ஐந்தாம் அத்தியாயம், அதாவது 51 முதல் 59 வரையுள்ள பிரிவுகள், சொத்து மீட்புக்கானவை. சொத்துகளைத் திருப்பித் தருவது இந்த உடன்படிக்கையின் அடிப்படைக் கொள்கை என்று 51ஆம் பிரிவு சொல்கிறது.

மாணவர்கள் இந்த ஒன்பது பிரிவுகளையும் வரிசையாக மனப்பாடம் செய்ய முயல்வதை அடிக்கடி பார்க்கிறேன். அது தேவையில்லை. முதலில் 53, 54, 57 ஆகிய மூன்றையும் நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பணத்தை இழந்த நாடு தானே வெளிநாட்டு நீதிமன்றத்துக்குப் போய் உரிமை கோர 53ஆம் பிரிவு வழி செய்கிறது. அரசுக்கு அரசு உதவி கேட்டு, பணம் இருக்கும் நாட்டின் அதிகாரிகள் மூலம் அதை முடக்கிப் பறிமுதல் செய்ய 54ஆம் பிரிவு வழி செய்கிறது. பறிமுதல் செய்த பணம் யாருக்குப் போக வேண்டும் என்பதை 57ஆம் பிரிவு சொல்கிறது. மற்றவை இந்த மூன்றுக்கும் துணை நிற்பவை.

தேர்வெழுதும்போது ஓர் எச்சரிக்கை. சுவிட்சர்லாந்து 2005இல் அபாச்சா பணத்தின் ஒரு பெரிய தொகையைத் திருப்பித் தருவதென முடிவானபோது உடன்படிக்கை நடைமுறைக்கு வந்திருக்கவில்லை. சுவிட்சர்லாந்து அதை உறுதிப்படுத்தி ஏற்றதே 2009இல்தான். எனவே அந்தத் தொகை உடன்படிக்கையின் கீழ் வந்தது என்று எழுதினால் தவறு. அது சுவிஸ் உள்நாட்டுச் சட்டத்தின் கீழ் வந்தது. 2017இல் கையெழுத்தான பிந்தைய ஏற்பாடுதான் இரு நாடுகளும் உடன்படிக்கைக்குக் கட்டுப்பட்ட காலத்தைச் சேர்ந்தது.

பணம் எப்படி வெளியே போனது

மீட்பு வழக்கு எதுவானாலும் பணம் வெளியேறிய வழியை முதலில் எழுதிப் பாருங்கள். பிற்பாடு நீதிமன்றத்தில் எதை நிரூபிக்க வேண்டியிருக்கும் என்பது அந்த வழியைப் பொறுத்தது.

அமெரிக்க நீதி அமைச்சகம் பின்னாளில் தாக்கல் செய்த மனு மூன்று வழிகளைச் சொல்கிறது. முதலாவது வழி மிக எளிமையானது. தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் ஜனாதிபதிக்கு ஒரு கடிதம் எழுதுவார். நாட்டின் பாதுகாப்புக்கு அவசரச் செலவு இருக்கிறது, இவ்வளவு தொகை வேண்டும் என்று அதில் இருக்கும். அபாச்சா அதில் ஒப்புதல் கையெழுத்திடுவார். கடிதம் நைஜீரிய மத்திய வங்கிக்குப் போகும். வங்கி ரொக்கமாகவோ, பயணக் காசோலையாகவோ, வெளிநாட்டுக் கணக்குக்கு நேரடி அனுப்பீடாகவோ பணத்தைக் கொடுக்கும். அந்த அவசரச் செலவு ஒருபோதும் நடக்கவில்லை. இந்தக் கடிதங்கள் மூலம் மட்டும் 200 கோடி டாலருக்கு மேல் வெளியேறியதாக அந்த மனு கூறுகிறது.

இரண்டாவது வழி கடன் பத்திரம். நைஜீரிய அரசு திருப்பிக் கட்ட வேண்டிய கடனை அபாச்சாவின் மகன் முகமதுவும் ஒரு கூட்டாளியும் தங்கள் நிறுவனத்தின் மூலம் மலிவாக வாங்கினார்கள். பிறகு அதே கடனைச் சந்தை விலையைப்போல் இரு மடங்குக்கு மேல் விலை வைத்து அரசே வாங்கும்படி செய்தார்கள். மூன்றாவது வழி, அரசு ஒப்பந்தம் வைத்திருந்த ஒரு வெளிநாட்டு நிறுவனத்திடம் மிரட்டி வாங்கிய பணம்.

இம்மூன்றும் ஒரே குற்றம் போலத் தோன்றலாம். ஆனால் முதல் வழியில் போனது நேரடியாக அரசின் கஜானாப் பணம். மூன்றாவது வழியில் போனது ஒரு தனியார் நிறுவனத்தின் பணம். இந்த வேறுபாடு 57ஆம் பிரிவில் மிகப் பெரிய விளைவை உண்டாக்கும். அதைப் பிறகு பார்ப்போம்.

முடக்கம்: விரைவாக நடப்பது இது ஒன்றுதான்

1999 மே மாதம் நைஜீரியாவில் மக்கள் தேர்ந்தெடுத்த அரசு பதவிக்கு வந்தது. அந்த ஆண்டின் பிற்பகுதியில் அது ஜெனீவா வழக்கறிஞர் என்ரிக்கோ மொன்ஃப்ரினியை நியமித்தது. அவர் இரண்டு தடங்களில் ஒரே நேரத்தில் நடந்தார். ஒருபுறம், நைஜீரிய அரசு சுவிஸ் அரசிடம் பரஸ்பர சட்ட உதவி கேட்டு விண்ணப்பித்தது. மறுபுறம், நைஜீரியாவின் சார்பில் ஜெனீவாவிலேயே சட்டவிரோதப் பணப்பரிமாற்றத்துக்காகக் குற்றப் புகார் கொடுக்கப்பட்டது.

இரண்டாவது தடத்தின் பயனைப் புதிதாகப் படிப்பவர்கள் கவனிப்பதில்லை. பரஸ்பர சட்ட உதவியில், கேட்ட நாடு, பணம் இருக்கும் நாட்டின் அதிகாரிகள் அனுப்பும் ஆவணங்களுக்காகக் காத்திருக்க வேண்டும். கணக்கின் உரிமையாளர் ஒவ்வொரு ஆவணத்துக்கும் மேல்முறையீடு செய்து மாதக்கணக்கில் இழுத்தடிக்கலாம். ஜெனீவாவின் குற்றவழக்கில் நைஜீரியா பாதிக்கப்பட்ட தரப்பாகச் சேர்ந்துகொண்டது. அதனால் வழக்குக் கோப்பைப் பார்க்கும் உரிமை அதற்குக் கிடைத்தது. வங்கி ஆவணங்களில், பணம் எந்தக் கணக்கிலிருந்து எந்த நாட்டின் எந்தக் கணக்குக்குப் போனது என்று இருந்தது. அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டுதான் லக்சம்பர்க், லீக்டன்ஸ்டைன், ஜெர்சி என்று அடுத்தடுத்த கதவுகளைத் தட்ட முடிந்தது. பின்னர் உடன்படிக்கையின் 53ஆம் பிரிவு, பாதிக்கப்பட்ட நாடு வெளிநாட்டு நீதிமன்றத்தில் உரிமையாளராகவோ இழப்பீடு கோருபவராகவோ நிற்க உறுப்பு நாடுகள் இடம்தர வேண்டும் என்று எழுதிவைத்தது.

ஏறத்தாழ 70 கோடி டாலர் சுவிட்சர்லாந்தில் முடக்கப்பட்டது. முடக்கம் என்றால் பணம் அதே வங்கியில், அதே பெயரில் இருக்கும். எடுக்கவும் மாற்றவும் முடியாது, அவ்வளவுதான். உரிமை மாறவில்லை. பத்திரிகைகள் முடக்கத்தையே மீட்பு என்று எழுதிவிடுகின்றன. நீங்கள் அப்படி எழுதாதீர்கள். முடக்கத்துக்கு நியாயமான சந்தேகம் போதும். பறிமுதலுக்குச் சான்று வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தில்தான் பெரும்பாலான வழக்குகள் சாகின்றன.

பணத்தையும் குற்றத்தையும் இணைப்பது

ஒரு வங்கிக் கணக்கில் பத்து கோடி டாலர் இருக்கிறது. கணக்குக்காரர் முன்னாள் அமைச்சர். அவர் ஊழல் செய்தார் என்பது ஊரறிந்த செய்தி. இதை வைத்து வெளிநாட்டு நீதிபதி எதையும் செய்ய முடியாது. இந்தக் கணக்கில் உள்ள இந்தப் பணம், இன்ன நாளில் நடந்த இன்ன குற்றத்திலிருந்து வந்தது என்பதைக் காட்ட வேண்டும். சொத்து மீட்பில் ஈடுபட்டவர்கள் யாரைக் கேட்டாலும் இந்த இணைப்பை நிறுவுவதுதான் கடினம் என்பார்கள்.

சட்ட உதவி விண்ணப்பம் எப்படித் தோற்கிறது என்பதை ஒரு மாதிரியில் பார்க்கலாம். பலவீனமான விண்ணப்பம் இப்படி இருக்கும்: “முன்னாள் ஆட்சியாளரும் அவர் குடும்பத்தினரும் அரசுப் பணத்தைக் கொள்ளையடித்துத் தங்கள் நாட்டில் பதுக்கியிருக்கிறார்கள். அவர்களுடைய எல்லாக் கணக்குகளையும் கண்டுபிடித்து, பணத்தை எங்களுக்கு அனுப்பிவைக்கக் கேட்டுக்கொள்கிறோம்.” இதில் குற்றம் நடந்த நாள் இல்லை. எந்தச் சட்டப்பிரிவு மீறப்பட்டது என்றும் இல்லை. எந்த வங்கி என்பதும் சொல்லப்படவில்லை. குற்றத்துக்கும் கணக்குக்கும் என்ன தொடர்பு என்று ஒரு வார்த்தையும் இல்லை. சான்றுகள் போதாமலோ உரிய காலத்தில் வராமலோ போனால் உதவியை மறுக்கலாம் என்று உடன்படிக்கையின் 55ஆம் பிரிவே அனுமதிக்கிறது.

வலுவான விண்ணப்பம் வேறுவிதமாக எழுதப்படும். இன்ன தேதியிட்ட பாதுகாப்புக் கடிதம், அதில் ஆட்சியாளரின் ஒப்புதல் கையெழுத்து, அதன் நகல் இணைப்பில். அந்தக் கடிதத்தின்படி இன்ன தேதியில் மத்திய வங்கி இவ்வளவு தொகையை இன்ன வங்கிக்கு அனுப்பிய ஆவணம் இணைப்பில். அந்தச் செலவுக்கான பொருளோ சேவையோ எந்தத் துறைக்கும் வந்து சேரவில்லை என்று பொறுப்பான அதிகாரி தந்த வாக்குமூலம் இணைப்பில். தொகை போய்ச் சேர்ந்த கணக்கு இன்ன நிறுவனத்தின் பெயரில் உள்ளது. அந்த நிறுவனத்தின் உண்மையான பயனாளி ஆட்சியாளரின் மகன் என்று காட்டும் ஆதாரம் இணைப்பில். இது எங்கள் நாட்டில் இன்ன சட்டப்பிரிவின் கீழ்க் குற்றம், தங்கள் நாட்டிலும் இன்ன குற்றத்துக்கு ஒப்பானது. எனவே முதலில் முடக்கமும் கணக்கு திறந்த ஆவணங்களும் வேண்டும்.

இரண்டாம் விண்ணப்பம் பணத்தை உடனே அனுப்பு என்று கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். முதலில் முடக்கம், பிறகு ஆவணங்கள், அந்த ஆவணங்களைக் கொண்டு உள்நாட்டில் வழக்கு, கடைசியில்தான் பறிமுதலும் திருப்புதலும். எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் கேட்கும் அரசு எதையும் பெறுவதில்லை.

இந்த இணைப்பு கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு எகிப்து சான்று. 2011 பிப்ரவரி 11 அன்று ஹொஸ்னி முபாரக் பதவி விலகினார். அன்றைக்கே சுவிட்சர்லாந்து அவருக்கும் அவரைச் சேர்ந்தவர்களுக்கும் உரிய சொத்துகளை முடக்கியது. முடக்கிய தொகை ஒரு கட்டத்தில் சுமார் 70 கோடி பிராங்கை எட்டியது. முடக்கத்தின் வேகத்தைப் பார்த்து எகிப்து மக்கள் பணம் வந்துவிடும் என்றே நம்பினார்கள். ஆனால் எகிப்தில் நடந்த வழக்குகள் விடுதலையிலோ சமரசத்திலோ முடிந்தன. அவற்றுக்கும் சுவிஸ் கணக்குகளுக்கும் தொடர்பு காட்டப்படவில்லை. 2017இல் சட்ட உதவி நடவடிக்கைகள் முடித்துவைக்கப்பட்டன. சுவிஸ் அரசு வழக்கறிஞர்கள் தாங்களே நடத்திய விசாரணையும், எகிப்திலிருந்து போதிய தகவல் வராத நிலையில், 2022 ஏப்ரலில் முடிந்தது. மிச்சமிருந்த சுமார் 40 கோடி பிராங்க் விடுவிக்கப்பட்டது. பதினோரு ஆண்டுகள் முடங்கிக் கிடந்த பணம் கணக்குக்காரர்களிடமே திரும்பிப் போனது.

நைஜீரியாவில் ஆட்சி மாறியது. மாறிய ஆட்சி வழக்கைக் கைவிடவில்லை. எகிப்தில் அந்த அரசியல் உறுதி நிலைக்கவில்லை. எந்த உடன்படிக்கையாலும் ஓர் அரசுக்கு அந்த உறுதியை எழுதிக்கொடுக்க முடியாது. இந்தத் துறையின் ஆகப் பெரிய வரம்பு அதுதான் என்பது என் கருத்து.

இறந்தவரைக் குற்றவாளியாக்க முடியாது

வழக்கமான பறிமுதல் தண்டனைக்குப் பின் வருவது. ஒருவர் குற்றவாளி என்று தீர்ப்பாகும். அவர் குற்றத்தால் ஈட்டியதை அரசு எடுத்துக்கொள்ளும். அபாச்சா இறந்துவிட்டதால் அவர்மேல் தீர்ப்பு வர வழியே இல்லை. இந்தத் தடையைத் தாண்ட இரண்டு நாடுகள் இரண்டு வழிகளைக் கையாண்டன.

சுவிட்சர்லாந்தின் வழி ஆதாரச் சுமையை மாற்றுவது. ஒரு குற்ற அமைப்பின் கட்டுப்பாட்டில் உள்ள சொத்துகள் சட்டவழியில் வந்தவை என்று அவற்றை வைத்திருப்பவர்தான் நிரூபிக்க வேண்டும். நிரூபிக்காவிட்டால் பறிமுதல் செய்யலாம் என்று சுவிஸ் தண்டனைச் சட்டத்தில் ஒரு விதி உண்டு. மாஃபியாவை மனத்தில் வைத்து எழுதப்பட்ட விதி அது. அபாச்சாவும் அவர் குடும்பமும் கூட்டாளிகளும் அரசைக் கருவியாக வைத்துக் கொள்ளையடித்த ஒரு குற்ற அமைப்பு என்ற வாதத்தை 2005 பிப்ரவரி 7 அன்று சுவிஸ் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் ஏற்றது. பெரும்பகுதிப் பணம் குற்றத்திலிருந்து வந்தது வெளிப்படை என்றும், நைஜீரியாவில் இறுதித் தீர்ப்பு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்றும் அது சொன்னது. சுமார் 50 கோடி டாலர் திரும்பியது.

இந்த இறுதித் தீர்ப்பு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். உடன்படிக்கையின் 57ஆம் பிரிவும் கோரும் நாட்டின் இறுதித் தீர்ப்பு வேண்டும் என்றுதான் கேட்கிறது. ஆனால் பணத்தை வைத்திருக்கும் நாடு விரும்பினால் அந்த நிபந்தனையைத் தளர்த்தலாம் என்று அதே வரியில் இடம் விட்டிருக்கிறது. அந்த இடம் இல்லாவிட்டால், சாட்சிகள் மிரட்டப்படும் நாடுகளும் நீதிமன்றங்கள் பலவீனமான நாடுகளும் ஒரு காசும் பெற முடியாது.

அமெரிக்காவின் வழி வேறு. அங்கே ஆள்மேல் வழக்குப் போடாமல் சொத்தின்மேலேயே சிவில் வழக்குப் போடலாம். 2013இல் நீதி அமைச்சகம் தொடுத்த வழக்கில் பிரதிவாதி மனிதர் அல்ல. ஜெர்சித் தீவில் ஒரு நிறுவனத்தின் பெயரிலிருந்த, எண் குறிப்பிட்ட ஒரு வங்கிக் கணக்கில் உள்ள எல்லாச் சொத்துகளும்தான் பிரதிவாதி. ஜெர்சியில் உள்ள பணத்துக்கும் அமெரிக்காவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். டாலர் பணம் அமெரிக்க வங்கிகள் வழியாக நகர்ந்திருந்தது. அந்த நகர்வே அமெரிக்கச் சட்டப்படி குற்றம். 2014 ஆகஸ்டில் சுமார் 48 கோடி டாலருக்கான பறிமுதல் தீர்ப்பு வந்தது.

குற்றம் செய்தவர் இறந்தாலோ ஓடிப்போனாலோ அகப்படாவிட்டாலோ, தண்டனை இல்லாமலே பறிமுதல் செய்ய வழி வகுப்பதைப் பற்றி நாடுகள் பரிசீலிக்க வேண்டும் என்று 54ஆம் பிரிவின் ஓர் உட்பிரிவு சொல்கிறது. பரிசீலிக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது, செய்தாக வேண்டும் என்று இல்லை. பேச்சுவார்த்தையில் எல்லா நாடுகளும் இதற்கு ஒப்பவில்லை என்பதன் தடயம் அந்த வாசகத்தில் இருக்கிறது. ஒரு நாட்டை ஆராயும்போது, அது இந்தப் பரிசீலனையைச் சட்டமாக்கியிருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.

யாருக்குத் திருப்புவது

பறிமுதல் முடிந்ததும் சட்டப்படி பணம் பறிமுதல் செய்த நாட்டுக்குச் சொந்தமாகிவிடுகிறது. அங்கிருந்து அதைப் பெயர்ப்பது 57ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு. அது மூன்று வகையாகப் பிரிக்கிறது.

கையாடப்பட்டது பொதுப்பணம் என்றால், கோரும் நாட்டுக்கு அதைத் திருப்பித் தந்தே ஆக வேண்டும். வேறு ஊழல் குற்றங்களின் வருவாய் என்றால், கோரும் நாடு தன் முந்தைய உரிமையை நியாயமான அளவில் நிறுவ வேண்டும். அல்லது அதற்கு ஏற்பட்ட இழப்பைப் பணம் வைத்திருக்கும் நாடு அங்கீகரிக்க வேண்டும். மற்ற எல்லாவற்றிலும் திருப்புவதற்கு முன்னுரிமை தந்து பரிசீலிக்க வேண்டும். முந்தைய சட்டபூர்வ உரிமையாளர்களுக்கும் பாதிக்கப்பட்டவர்களுக்கும் கொடுக்கலாம்.

இப்போது அபாச்சாவின் மூன்று வழிகளுக்குத் திரும்புவோம். மத்திய வங்கியிலிருந்து பாதுகாப்புக் கடிதம் காட்டி எடுத்தது சந்தேகமில்லாமல் முதல் வகை. அது நைஜீரியாவின் பணம். ஆனால் வெளிநாட்டு நிறுவனத்திடம் மிரட்டி வாங்கிய பணம் நைஜீரியக் கஜானாவில் ஒருநாளும் இருந்ததில்லை. அதைப் பெற நைஜீரியா வேறு வாதம் செய்ய வேண்டும். லஞ்சத் தொகையை ஈடுகட்ட அந்த நிறுவனம் அரசு ஒப்பந்தத்தின் விலையை ஏற்றியது, ஆகவே இழப்பு எங்களுக்கே என்பது போன்ற வாதம். பெரும்பாலான நாடுகளில் பெரிய ஊழல் லஞ்சமாகத்தான் நடக்கிறது. கடிதம் காட்டிக் கஜானாவைத் திறப்பது அரிது. அதனால் இரண்டாம் வகையில்தான் சண்டைகள் அதிகம். பணம் இருக்கும் நாடு அங்கீகரித்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்ற நிலை பாதிக்கப்பட்ட நாடுகளுக்கு அநீதி என்றே நினைக்கிறேன்.

விசாரணைக்கும் வழக்குக்கும் ஆன நியாயமான செலவைக் கழித்துக்கொள்ளவும் 57ஆம் பிரிவு இடம் தருகிறது. அதோடு, இறுதியாகப் பணத்தை என்ன செய்வது என்பதை வழக்குக்கு வழக்கு இரு நாடுகளும் ஒப்பந்தம் போட்டு முடிவு செய்யலாம் என்கிறது. இந்தக் கடைசி வாசகம் சிறியது. இன்றைய நடைமுறையில் பேரங்கள் எல்லாம் அதன் கீழ்தான் நடக்கின்றன.

மூன்று தவணை, மூன்று விதமான நிபந்தனை

2005இல் திரும்பிய 50 கோடி டாலர் நைஜீரிய அரசின் பட்ஜெட்டில் சேர்ந்தது. பணம் வந்து சேரும் முன்பே அதை 2004ஆம் ஆண்டு பட்ஜெட்டில் எதிர்பார்ப்பு வரவாகச் சேர்த்திருந்தார்கள். மின்சாரம், சாலை, சுகாதாரம், கல்வி, குடிநீர் ஆகிய துறைகளில் அது செலவானதாகக் கணக்குச் சொல்லப்பட்டது. உலக வங்கியும் குடிமக்கள் அமைப்புகளும் பிறகு போய்ப் பார்த்தபோது முடிந்த வேலைகளும் இருந்தன, முடியாதவையும் இருந்தன. ஆனால் அபாச்சா பணத்தில் கட்டிய பள்ளி இது என்று எதையும் சுட்ட முடியவில்லை. வாய்க்கால் நீர் ஏரியில் கலந்த பிறகு எந்த மடைக்கு எந்த வாய்க்கால் நீர் போனது என்று கேட்பது போலத்தான் அது. பணம் திருடப்பட்டது என்று சொல்வதற்கும் ஆதாரம் இல்லை, திருடப்படவில்லை என்று உறுதி சொல்வதற்கும் ஆதாரம் இல்லை.

அடுத்த தவணையில் பாடம் கற்றிருந்தார்கள். லக்சம்பர்க்கில் இருந்த அபாச்சா பணத்தை ஜெனீவா அதிகாரிகள் 2006இல் முடக்கினார்கள். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. 2014இல் நைஜீரிய அரசு அபாச்சா குடும்பத்தோடு சமரசம் செய்துகொண்டது. குடும்பம் பணத்தின் மீதான உரிமையைக் கைவிட்டது. நைஜீரியா மகன் முகமது மீதான வழக்கைக் கைவிட்டது. பலருக்கு இது கசப்பாக இருந்தது, அதில் வியப்பில்லை. அந்த ஆண்டு டிசம்பரில் ஜெனீவா அதிகாரிகள் பறிமுதல் ஆணை பிறப்பித்தார்கள்.

2017 டிசம்பர் 4 அன்று வாஷிங்டனில் சுவிட்சர்லாந்தும் நைஜீரியாவும் உலக வங்கியும் முத்தரப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. தொகை சுமார் 32 கோடி டாலர். இந்த முறை அது பட்ஜெட்டில் கலக்கவில்லை. ஏழைக் குடும்பங்களுக்கு மாதம் 5,000 நைரா நேரடியாகக் கொடுக்கும் திட்டத்துக்கு மட்டும், தவணைகளாக, உலக வங்கியின் மேற்பார்வையில் போனது. ஒரு தவணைக்கான கணக்கு சரியாக இல்லாவிட்டால் அடுத்த தவணை வராது.

கண்காணிக்கும் பொறுப்பில் குடிமக்கள் அமைப்புகளுக்கும் இடம் இருந்தது. ஏஎன்இஇஜே என்ற நைஜீரிய அமைப்பு அந்தப் பணியை ஒருங்கிணைத்தது. இப்படிப்பட்ட கண்காணிப்பாளர் கிராமத்தில் போய் என்ன பார்க்க வேண்டும் என்று எண்ணிப்பாருங்கள். பட்டியலில் உள்ள பெயருக்கு உரிய பெண் உண்மையில் இருக்கிறாரா? அவர் கைக்கு வந்தது முழுத் தொகையா, நடுவில் யாராவது பிடித்துக்கொண்டார்களா? பட்டியலில் இருக்க வேண்டியவர் விடுபட்டிருக்கிறாரா? பணம் எங்கிருந்து வந்தது என்று அவருக்குச் சொல்லப்பட்டதா? பட்ஜெட்டில் கரைந்த 50 கோடியிடம் இந்தக் கேள்விகளைக் கேட்கவே முடியாது.

இந்த ஏற்பாட்டை எதிர்ப்பவர்களும் இருக்கிறார்கள். களவு போனது எங்கள் பணம். கள்ளப்பணத்தை வாங்கி வைத்துக்கொண்டு வட்டிபார்த்த வங்கிகள் உங்களுடையவை. இப்போது எங்களுக்கு நிபந்தனை விதிக்க நீங்கள் யார் என்பது அவர்கள் கேள்வி. அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. பொதுப்பணத்தைத் திருப்புவதைக் கட்டாயமாக்கும் உட்பிரிவில் நிபந்தனை எதுவும் இல்லை என்பதும் உண்மை. ஆனாலும் கண்காணிப்பால் யாருக்குப் பயன் என்று பார்த்தால், பணம் திருடப்பட்ட மக்களுக்குத்தான் என்பதால் நான் கண்காணிப்பின் பக்கம் நிற்கிறேன். அது இரு அரசுகளும் ஒப்பி எழுதியதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மூன்றாவது, ஜெர்சிப் பணம். 2014இல் அமெரிக்க நீதிமன்றம் பறிமுதல் செய்ததில் ஜெர்சியில் இருந்த பகுதிக்காக, 2020 பிப்ரவரியில் அமெரிக்காவும் ஜெர்சியும் நைஜீரியாவும் ஒப்பந்தம் போட்டன. தீர்ப்புக்கும் ஒப்பந்தத்துக்கும் இடையே ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஓடியிருந்தன. அதே ஆண்டு மே மாதம் சுமார் 31 கோடி டாலர் நைஜீரியா வந்தது. செலவிட வேண்டிய வேலைகளை ஒப்பந்தமே பெயர் சொல்லிக் குறித்தது: லாகோஸ்–இபாதான் விரைவுச்சாலை, அபுஜா–கானோ சாலை, நைஜர் ஆற்றின் இரண்டாவது பாலம். இந்தப் பணத்தில் வழக்கறிஞர்களுக்கு வெற்றிக் கட்டணம் தரக் கூடாது. ஊழல் குற்றச்சாட்டுக்கு ஆளானவர்கள் இதனால் பயனடையக் கூடாது. தொகையில் எந்தப் பகுதியாவது மீண்டும் மோசடியில் போனால் அதை நைஜீரிய அரசே தன் கைப்பணத்திலிருந்து ஈடுகட்ட வேண்டும். புதிதாக ஒரு மீட்பு ஒப்பந்தத்தைப் படிக்க எடுத்தால், தொகையைப் பார்க்கும் முன் இந்த ஈடுகட்டும் விதி இருக்கிறதா, அதை யார் எப்படிக் கணக்குப் பார்ப்பார்கள் என்று எழுதியிருக்கிறதா என்பதைத் தேடுங்கள்.